படிவம் 16-இல் ஒரு தொகை, 26AS-இல் வேறொரு தொகை: வரிப்பிடித்தக் கணக்கு எங்கே பிசகுகிறது, யாரிடம் கேட்பது?

சம்பளத்தில் பிடித்த வரி முழுவதும் படிவம் 26AS என்னும் ஆண்டு வரி அறிக்கையில் வரவில்லை என்றால், பெரும்பாலோர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, வரித்துறையின் கணினி ஏதோ தவறு செய்துவிட்டது என்பது. மற்றொன்று, நிறுவனம் பணத்தை விழுங்கிவிட்டது என்பது. நடைமுறையில் இந்த இரண்டையும் விட அதிகமாகக் காணப்படுவது மூன்றாவதான ஒன்று: பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் அது யாருடைய பணம் என்று சொல்லும் பட்டியலில் பிழை இருக்கும். அந்தப் பட்டியலை எழுதியவர் மட்டுமே அதைத் திருத்த முடியும். எனவே யாரிடம் போய் நிற்க வேண்டும், எதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலைப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கட்டுரை சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டு 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது என்பதால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களும் படிவப் பெயர்களுமே இதில் வருகின்றன.

பணம் ஒரு வழி, பட்டியல் ஒரு வழி

அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்டுபவர்களுக்கு முகவரைத் தெரியும். மாதந்தோறும் பல வீடுகளில் பணம் வாங்கி, மொத்தமாக அஞ்சலகத்தில் கட்டுவார். கட்டும்போது எந்தக் கணக்குக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலும் கொடுப்பார். உங்கள் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால், பணம் அஞ்சலகத்துக்குள் வந்திருக்கும், உங்கள் பாஸ்புக்கில் வராது. நீங்கள் அஞ்சலக எழுத்தரிடம் எவ்வளவு வாதாடினாலும் அவர் தம் இஷ்டத்துக்கு ஒரு பதிவைப் போட முடியாது. பட்டியலை முகவர்தான் மாற்றித் தர வேண்டும்.

வரிப்பிடித்தமும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. நிறுவனம் ஒவ்வொரு மாதமும் எல்லா ஊழியர்களிடமும் பிடித்த வரியைச் சேர்த்து, செலான் மூலம் வங்கியில் மொத்தமாகச் செலுத்துகிறது. பிடித்த மாதத்துக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் இதைக் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. இந்தச் செலானில் உங்கள் பெயர் இருக்காது. நிறுவனத்தின் டான் எண் மட்டுமே இருக்கும். டான் என்பது வரி பிடிக்கும் அமைப்புக்கு வரித்துறை தரும் பத்து எழுத்து எண். உங்களுக்குப் பான் எப்படியோ அப்படி அவர்களுக்கு டான்.

பிடித்த வரி யாருடையது என்பதை நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை தனியாகத் தெரிவிக்கிறது. சம்பளத்துக்கான இந்தக் காலாண்டு அறிக்கையின் பெயர் 24Q. ஒவ்வொரு செலானுக்கும் கீழே ஊழியர்களின் பான், கொடுத்த சம்பளம், பிடித்த வரி ஆகியவை தனித்தனிப் பதிவாக இதில் வரும். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு ஜூலை 31, அடுத்ததற்கு அக்டோபர் 31, மூன்றாவதற்கு ஜனவரி 31, கடைசிக் காலாண்டுக்கு மே 31 என்று இதற்குக் கெடு.

வரித்துறையின் டிரேசஸ் தளம் 24Q-இன் பதிவுகளையும் வங்கியிலிருந்து வந்த செலான்களையும் ஒப்பிட்டு, பான் வாரியாகப் பிரித்து எழுதுகிறது. அப்படி உங்கள் பான் எண்ணின் கீழ் சேர்ந்த பதிவுகளின் தொகுப்பே படிவம் 26AS என்னும் ஆண்டு வரி அறிக்கை.

சுருங்கச் சொன்னால், 26AS-இல் உங்கள் பெயரில் ஒரு ரூபாய் வர இரண்டு நடந்திருக்க வேண்டும்: செலான் கட்டப்பட்டிருக்க வேண்டும், அந்தச் செலானின் கீழ் உங்கள் பான் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பதிவு நிறைவடையாது.

சான்றிதழும் அதே இடத்திலிருந்துதான் வர வேண்டும்

படிவம் 16 என்பது, ஆண்டு முழுவதும் உங்கள் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடித்தோம் என்று நிறுவனம் தரும் சான்றிதழ். கடைசிக் காலாண்டு அறிக்கைக்குப் பிறகு, ஜூன் 15-க்குள் இதைத் தர வேண்டும். இதில் பகுதி A காலாண்டு வாரியாகப் பிடித்த வரியையும் செலுத்திய வரியையும் காட்டும். பகுதி B சம்பள விவரத்தையும் வரிக் கணக்கையும் காட்டும்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 2012-13 நிதியாண்டு முதலே பகுதி A-ஐ நிறுவனம் தானே தட்டச்சு செய்து தர முடியாது. டிரேசஸ் தளத்திலிருந்துதான் பதிவிறக்க வேண்டும். 2018-19 முதல் பகுதி B-யும் அங்கிருந்தே வர வேண்டும். எனவே முறையான பகுதி A-யும் 26AS-உம் ஒரே தரவிலிருந்து வருபவை. பதிவிறக்கிய நாளில் அவை இரண்டும் ஒத்திருக்கவே வேண்டும்.

அப்படியானால் வித்தியாசம் எப்படி வருகிறது? உங்கள் கையில் இருக்கும் தாள் எது என்பதை முதலில் பாருங்கள். மேலே டிரேசஸ் முத்திரையும் சான்றிதழ் எண்ணும் இல்லாமல், சம்பள மென்பொருளில் அச்சிட்டுக் கொடுத்த தாளாக இருந்தால், அது நிறுவனத்தின் சொந்தக் கணக்கு மட்டுமே. வரித்துறைக்கு என்ன தெரிவித்தார்கள் என்பதற்கு அது சாட்சியாகாது. பகுதி A சரியான தாளாக இருந்தும் பகுதி B-இன் மொத்தத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. பகுதி B-க்கான விவரத்தை நிறுவனம் நான்காம் காலாண்டு 24Q-உடன் ஆண்டு மொத்தமாகக் கொடுக்கிறது. பகுதி A-யோ நான்கு காலாண்டுகளின் வரிகளைக் கூட்டி வருகிறது. நடுவில் ஒரு காலாண்டில் பிசகியிருந்தால் ஒரே சான்றிதழின் இரண்டு பகுதிகளே ஒன்றோடொன்று முரண்படும்.

இதற்கெல்லாம் முன்பாக நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். ஏப்ரலிலோ மே மாதத்திலோ 26AS-ஐத் திறந்து பார்த்துவிட்டு மூன்று மாத வரியைக் காணோம் என்று பதறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறிக்கைக்கே மே 31 வரை அவகாசம் இருக்கும்போது, அதற்கு முன் அந்தப் பதிவு வராமல் இருப்பது பிழையே அல்ல. ஜூன் நடுவில் பார்ப்பதுதான் பொருளுள்ள ஒப்பீடு.

26AS-ஐப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிப்பது

வருமான வரித் தளத்தில் உள்நுழைந்து, e-File பட்டியலில் Income Tax Returns என்பதன் கீழ் View Form 26AS என்பதைத் தேர்ந்தால் டிரேசஸ் தளத்துக்குப் போகும். அங்கே மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024-25 நிதியாண்டுக்கு அது 2025-26. முதல் பகுதியில் நிறுவனத்தின் பெயரும் டானும் இருக்கும். அதை விரித்தால், ஒவ்வொரு பிடித்தமும் சம்பளத்துக்குரிய 192 என்ற பிரிவு எண்ணுடன் தனிப் பதிவாக வரும். கொடுத்த தொகை, பிடித்த வரி, செலுத்திய வரி ஆகிய மூன்றும், அவற்றுடன் Status of Booking என்ற தலைப்பில் ஓர் ஆங்கில எழுத்தும் அதில் இருக்கும்.

அந்த எழுத்து F என்றிருந்தால் செலானும் அறிக்கையும் ஒத்துவிட்டன, பதிவு முடிந்தது என்று பொருள். U என்றிருந்தால் உங்கள் பெயரில் வரி பிடித்ததாக நிறுவனம் எழுதியிருக்கிறது, ஆனால் அது குறிப்பிட்ட செலான் வங்கித் தரவில் கிடைக்கவில்லை. O என்றிருந்தால் செலான் கிடைத்தது, ஆனால் அதில் உள்ள பணத்தைவிட அதிகமாக ஊழியர்களுக்குப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அரசு அலுவலகங்களில் பணிபுரிபவர்களுக்கு P என்றும் வரலாம். அது தற்காலிகப் பதிவு, உரிய கணக்கு அலுவலகம் உறுதிசெய்த பிறகு F ஆகும்.

இங்கேதான் நோய்க்குறி தெரிகிறது. பதிவு இருக்கிறது, ஆனால் எழுத்து U என்றால், கோளாறு செலான் விவரத்தில்: வங்கிக் கிளையின் குறியீட்டு எண்ணையோ கட்டிய தேதியையோ செலான் வரிசை எண்ணையோ தவறாகக் கொடுத்திருக்கலாம், அல்லது பணமே கட்டாமல் இருந்திருக்கலாம். பதிவு இருக்கிறது, எழுத்தும் F, ஆனால் தொகை சம்பளச் சீட்டில் உள்ளதைவிடக் குறைவு என்றால், அறிக்கையில் தொகையைத் தவறாக எழுதியிருக்கிறார்கள். குறிப்பிட்ட மாதங்களுக்குப் பதிவே இல்லை, கொடுத்த சம்பளமும் சேர்ந்தே காணவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் பான் தவறாகப் போயிருக்கிறது, அல்லது உங்கள் பெயர் அந்தக் காலாண்டில் விடுபட்டிருக்கிறது, அல்லது அந்த 24Q-ஐத் தாக்கல் செய்யவே இல்லை.

கடைசிச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. உடன் பணிபுரியும் இருவரிடம் அதே காலாண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு வந்து உங்களுக்கு வரவில்லையென்றால் பிழை உங்கள் பதிவில் மட்டும். யாருக்குமே வரவில்லையென்றால் அறிக்கையே போகவில்லை.

ஆக, மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் மட்டுமே தெரியும். மாத வாரியாகப் பதிவுகளையும் எழுத்தையும் பார்த்தால்தான் காரணம் தெரியும்.

ஒரு கணக்கு, முழுவதுமாக

மாதம் 1,00,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். புதிய வரிமுறையில் 2024-25-க்கு அவருடைய ஆண்டுச் சம்பளம் 12,00,000. நிலையான கழிவு 75,000 போக 11,25,000-க்கு வரி 68,750; நான்கு விழுக்காடு கூடுதல் தீர்வையுடன் 71,500. நிறுவனம் இதைச் சமமாகப் பிரித்துக் காலாண்டுக்கு 17,875 ரூபாய் பிடித்திருக்கிறது. அவருக்குக் கொடுத்த சான்றிதழில் 71,500 என்று இருக்கிறது. 26AS-இல் 53,625 மட்டுமே வந்திருக்கிறது.

வித்தியாசம் சரியாக 17,875, அதாவது ஒரு காலாண்டு. பதிவுகளை விரித்துப் பார்த்தால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றுக்கும் பதிவே இல்லை. கொடுத்த சம்பளத்தின் மொத்தமும் 9,00,000 என்றே நிற்கிறது. உடன் பணிபுரிபவர்களுக்கு அந்த மாதங்கள் F என்ற எழுத்துடன் வந்திருக்கின்றன. சான்றிதழை மறுபடி பார்த்தால் டிரேசஸ் முத்திரை இல்லை. சம்பள மென்பொருளின் அச்சு.

இந்த நிலையில் காரணம் ஏறத்தாழ வெளிச்சமாகிவிட்டது. மூன்றாம் காலாண்டு 24Q-ஐத் தயாரித்தவர் பான் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சு செய்திருக்கிறார். ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. பான் எண்ணின் வடிவமே தவறாக இருந்தால் தாக்கலுக்கு முந்தைய சரிபார்ப்பு மென்பொருளே ஏற்காது. ஆனால் 1 என்பதை 7 என்று அடித்தால் வடிவம் கெடுவதில்லை. அறிக்கை தடையின்றிப் போய்விடும். அந்த எண் வேறொருவருடையதாக இருந்தால் 17,875 ரூபாய் அவருடைய 26AS-இல் போய் உட்கார்ந்திருக்கும். யாருடையதும் இல்லையென்றால் செல்லாத பான் என்று குறிக்கப்பட்டு, செல்லாத பானுக்குரிய உயர் விகிதத்தில் பிடிக்கவில்லை என்று நிறுவனத்துக்கே பற்றாக்குறை அறிவிப்பு போயிருக்கக்கூடும். கணக்குப் பிரிவினர் அந்த அறிவிப்பைத் திறந்தே பார்க்காமல் விட்டிருப்பதும் வழக்கமாக நடப்பதுதான்.

நிறுவனத்திடம் எப்படிக் கேட்பது

“என் 26AS-இல் பணம் குறைகிறது” என்று மட்டும் எழுதினால், “நாங்கள் முழுவதும் கட்டிவிட்டோம்” என்று பதில் வரும். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், வேலை மட்டும் நடக்காது. கணக்குப் பிரிவில் இருப்பவர் எந்தக் காலாண்டின் எந்தப் பதிவைத் திறக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

“2024-25 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டில் என் சம்பளத்தில் 17,875 ரூபாய் வரி பிடிக்கப்பட்டுள்ளது. மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை இணைத்துள்ளேன். என் 26AS-இல் இந்த மூன்று மாதங்களுக்கும் நமது டானின் கீழ் பதிவு இல்லை. மற்ற மூன்று காலாண்டுகளும் சரியாக உள்ளன. மூன்றாம் காலாண்டு 24Q-இல் என் பெயருக்கு எதிரே உள்ள பான் எண்ணைச் சரிபார்த்து, பிழை இருப்பின் திருத்த அறிக்கை தாக்கல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாக்கல் செய்தபின் அதன் ஒப்புகை எண்ணையும், டிரேசஸ் தளத்திலிருந்து பதிவிறக்கிய புதிய படிவம் 16-ஐயும் அனுப்பி உதவவும்.”

இதில் ஒப்புகை எண்ணைக் கேட்பதுதான் முக்கியம். “திருத்திவிட்டோம், சில நாளில் வரும்” என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருப்பதைவிட அது நல்லது. கடிதத்துடன் பான் அட்டையின் நகலையும் 26AS-இன் அந்தப் பக்கத்தையும் இணைத்துவிட்டால் கேள்விகள் குறையும்.

நிறுவனத்தின் பக்கத்தில் நடக்க வேண்டியது திருத்த அறிக்கை. முன்பு கொடுத்த 24Q-இல் உள்ள பிழையை மட்டும் மாற்றித் தரும் இரண்டாவது தாக்கல் அது. டிரேசஸ் தளத்தில் தங்கள் டானில் நுழைந்து, பான் பிழைகளையும் செலான் பிழைகளையும் இணையத்திலேயே திருத்தலாம்; அல்லது ஏற்கெனவே தாக்கலானவற்றின் தொகுப்புக் கோப்பைப் பதிவிறக்கி, மென்பொருளில் திருத்தி மீண்டும் ஏற்றலாம். இந்த எடுத்துக்காட்டில் செலான் சரியாக இருப்பதால் புதிதாகப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பான் பிழையால் வந்த பற்றாக்குறை அறிவிப்பு ஏதேனும் இருந்தால் அதுவும் தீர வழி பிறக்கும். தயங்கும் கணக்காளரிடம் இதை நயமாகச் சொல்லலாம். திருத்துவதில் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு.

திருத்த அறிக்கை ஏற்கப்பட்டுப் பரிசீலிக்கப்பட்ட பின் 26AS-இல் பதிவு தானாக வந்துவிடும். ஊழியர் தம் பக்கத்திலிருந்து எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஆண்டுத் தகவல் அறிக்கையான AIS-இல் “இது சரியல்ல” என்று கருத்துப் பதிவு செய்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அது மறுப்பைப் பதிவு செய்யுமே தவிர, 24Q-இல் உள்ள ஒரு பதிவையும் மாற்றாது.

சுருக்கமாக: காலாண்டு, தொகை, பான், ஆதாரம் ஆகிய நான்கையும் கொடுத்துத் திருத்த அறிக்கையைக் கேளுங்கள், ஒப்புகை எண் கையில் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

திருத்தம் வருவதற்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தால்

பலர் இந்த இடத்தில் ஒரு விபரீதமான குறுக்குவழியைத் தேடுகிறார்கள். 26AS-இல் 9,00,000 தானே சம்பளம் என்று வருமானத்தையும் அவ்வளவாகவே காட்டிவிடுகிறார்கள். இது தவறு. வாங்கிய சம்பளம் 12,00,000. அது எந்த அறிக்கையில் வந்தாலும் வராவிட்டாலும் வருமானம்தான்.

பிடித்த வரியைப் பொறுத்தவரை, சம்பளச் சீட்டு ஆதாரம் இருந்தால் 71,500-ஐயும் கோருவதே என் கருத்தில் சரி. 53,625-ஐ மட்டும் கோரினால் மீதி 17,875-ஐ நீங்களே கையிலிருந்து கட்ட வேண்டிவரும். ஒரே வரியை இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். முழுவதும் கோரினால், பரிசீலனை மையம் 26AS-இல் உள்ளதை மட்டும் ஏற்று, 143(1) பிரிவின் கீழ் 17,875 ரூபாயும் அதற்கு வட்டியும் கேட்டு அறிவிப்பு அனுப்ப வாய்ப்பு உண்டு. அப்போது பதறிப் பணம் கட்ட வேண்டாம். பேசாமலும் இருக்க வேண்டாம். தளத்தில் Response to Outstanding Demand என்ற இடத்தில் கோரிக்கையை ஏற்கவில்லை என்று காரணத்துடன் பதில் கொடுத்து வைக்க வேண்டும். 26AS சரியான பிறகு 154ஆவது பிரிவின் கீழ், வரி வரவு ஒவ்வாமைக்கான திருத்த மனுவைத் தளத்திலேயே கொடுத்தால் புதிய பதிவை வைத்து மறுபடி கணக்கிடுவார்கள்.

நிறுவனம் பணத்தையே கட்டவில்லை என்றால்

இது வேறு வகை. பதிவு உங்கள் பெயரில் U என்றே மாதங்களாக நிற்கிறது அல்லது யாருக்குமே அந்தக் காலாண்டு வரவில்லை. கேட்டால் மழுப்பலான பதில். இங்கே சட்டத்தின் 205ஆவது பிரிவு ஊழியரின் பக்கம் நிற்கிறது: சம்பளத்திலிருந்து வரி பிடித்துவிட்டால், அந்த அளவுக்கு அந்த வரியை ஊழியரிடம் நேரடியாக மறுபடி கேட்கக் கூடாது. பிடித்தவர் கட்டத் தவறிய இத்தகைய வரியை ஊழியரிடமிருந்து நெருக்கி வசூலிக்கக் கூடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015-லும் 2016-லும் தன் அலுவலர்களுக்கு எழுதியும் இருக்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. கணினி 205-ஐப் படிப்பதில்லை; அறிவிப்பு வரத்தான் செய்யும். பணத்தைத் திரும்பப் பெற வேண்டியவராக இருந்தால் அந்தத் தொகை குறைந்தே வரும். எனவே மாதச் சம்பளச் சீட்டுகளையும், பிடித்தம் போக மிச்சச் சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தையும், நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்களையும் வைத்துக்கொண்டு, உங்கள் மதிப்பீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். நிறுவனத்தின் டானுக்குரிய வரிப்பிடித்தப் பிரிவு அலுவலருக்கும் தனியாகப் புகார் கொடுக்கலாம். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்துக்கொள்வது 276B பிரிவின் கீழ் வழக்குத் தொடரக்கூடிய குற்றம் என்பதால் அந்தப் புகாருக்கு எடை உண்டு.

வேலையை விட்டுச் செல்பவர்கள் கடைசி வேலைநாளுக்கு முன்பே சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் பதிவிறக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் உள்நுழைவு முடங்கிய பின் அவற்றைப் பெறுவது பெரும்பாடு. திருத்த அறிக்கைக்கும் காலவரம்பு வந்துவிட்டது. முன்பு எத்தனை ஆண்டு கழித்தும் திருத்த முடிந்த நிலை மாறி, 2025 ஏப்ரல் 1 முதல் 6 ஆண்டு வரம்பு வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அது 2 ஆண்டாகக் குறைகிறது. பழைய ஆண்டுகளின் 26AS-ஐ இதுவரை விரித்துப் பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.